ஹெட்டைக் கழற்றும் முன்

எட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு மூன்று சிலிண்டர் பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதமாகவே அதன் கூலன்ட் பாட்டிலில் அளவு குறைந்துகொண்டு வந்தது. வாரம் அரை லிட்டர் ஊற்றிச் சமாளித்தார்கள். காரின் அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பிறகு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வரத் தொடங்கியது. இன்ஜின் சூடேறிய பிறகும் அது நிற்கவில்லை, அதில் லேசான தித்திப்பு வாசனையும் இருந்தது. கடைசியில் ஒருநாள் நெடுஞ்சாலையில் வெப்பநிலை விளக்கு சிவப்பாக எரிந்தது. இழுத்துக்கொண்டு வந்து காட்டியதும் மெக்கானிக் சொன்னார்: “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்.”

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஹெட்டை இறக்குவது இன்ஜினின் மேல்பாதியைப் பிரிக்கும் வேலை. கேஸ்கட்டின் விலை அந்த பில்லில் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் கூலியும் லேத் பட்டறைச் செலவும். அந்த வேலையில் இறங்கும் முன்னால், கேஸ்கட்தான் போயிருக்கிறது என்பதை எதையும் பிரிக்காமலே ஏறக்குறைய உறுதி செய்துவிட முடியும். கேஸ்கட் ஏன் போனது என்பதையும் அப்போதே தேடத் தொடங்கலாம்.

இரண்டு உலோகங்களுக்கு நடுவே

இன்ஜினின் அடிப்பாகம் பிளாக். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும் சிலிண்டர்கள் அதில் இருக்கின்றன. அதன் மேல் மூடியாக உட்கார்ந்திருப்பது சிலிண்டர் ஹெட். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் அதில் உள்ளன. இரண்டுக்கும் நடுவே வைத்து போல்ட்டுகளால் இறுக்கப்படும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். இப்போதைய இன்ஜின்களில் பெரும்பாலும் பல அடுக்கு எஃகுத் தகடுகளாலான கேஸ்கட் வருகிறது.

இந்தத் தகடு மூன்று விஷயங்களைப் பிரித்து வைக்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு, சிலிண்டரைச் சுற்றி ஓடும் கூலன்ட், ஹெட்டுக்கு ஏறி இறங்கும் ஆயில். மூன்றுக்கும் தகட்டில் தனித்தனி ஓட்டைகள் உண்டு. சிலிண்டர் ஓட்டைக்கும் கூலன்ட் ஓட்டைக்கும் நடுவே சில இடங்களில் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். பழுது பெரும்பாலும் தொடங்குவது அந்தக் குறுகிய இடத்தில்தான்.

தொடங்க வைப்பது வெப்பம். ஒரே வெப்பத்தில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், நீளம் 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் குளிர்ந்த நிலையிலிருந்து 70 டிகிரி சூடேறும்போது இரண்டின் நீளத்திலும் ஏற்படும் வித்தியாசம் சுமார் 0.3 மி.மீ. ஒவ்வொரு முறை கார் ஓடும்போதும் இந்த உரசலை கேஸ்கட் தாங்குகிறது. அதற்காகவே செய்யப்பட்டது அது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்போதுதான் சிக்கல். ஹெட் மேல்நோக்கியும் விரிந்து, போல்ட்டுகளுக்குக் கீழே கேஸ்கட்டை நசுக்கிவிடுகிறது. ஆறிய பிறகு நசுங்கிய கேஸ்கட் மீண்டும் எழும்புவதில்லை. போல்ட்டுகளின் பிடி தளர்கிறது. ஹெட்டும் நேராகத் திரும்பாமல் சற்று வளைந்துபோகலாம்.

இரு பக்கமும் போகும் கசிவு

பெட்ரோல் எரியும் நொடியில் சிலிண்டருக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல 50 மடங்குக்கு மேல் எகிறும். கூலன்ட் அமைப்பிலோ காற்றழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான், அதாவது சுமார் 14 பி.எஸ்.ஐ. நடுவே கேஸ்கட் விட்டுப்போனால் எது எங்கே போகும் என்பது அந்தந்த நேரத்தில் எந்தப் பக்கம் அழுத்தம் கூடுதல் என்பதைப் பொறுத்தது. வண்டி உரிமையாளர் பார்க்கும் அடையாளங்கள் எல்லாமே இதிலிருந்து வருபவை.

இன்ஜின் ஓடும்போது எரிந்த வாயு கூலன்டுக்குள் தள்ளப்படுகிறது. கூலன்ட் பாட்டிலில் விடாமல் குமிழி வரும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, இன்ஜின் இன்னும் சூடாகாதபோதே, கல்லாக இறுகிவிடும். வாயு நிறைந்த இடத்தில் கூலன்ட் ஓடாது. அங்கே உலோகம் சூடேறும். வாயு சேரச் சேர கூலன்ட் பாட்டிலுக்குத் தள்ளப்பட்டு வழிந்து வெளியேறும். வெப்பநிலை விளக்கு எரிவது இதன் முடிவில்தான்.

இன்ஜினை நிறுத்தியதும் கதை தலைகீழாகிறது. சிலிண்டரில் அழுத்தம் இல்லை, கூலன்டில் இன்னும் மிச்சமிருக்கிறது. அதே ஓட்டை வழியாக கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது. இரவு முழுக்கக் கசிந்தது காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆவியாகிச் சைலன்சர் வழியே வெள்ளையாக வெளியேறுகிறது. அப்போது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் சற்று உதறும். ஓடிக்கொண்டிருக்கும்போதும், பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை உள்ளிழுக்கும் நேரத்தில் கொஞ்சம் கூலன்ட் உள்ளே போகும். அதனால்தான் சூடேறிய பிறகும் புகை நிற்பதில்லை.

இரவில் கசிவு அதிகமானால் ஆபத்தும் உண்டு. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேல் நீர் தேங்கிய நிலையில் ஸ்டார்ட்டர் சுற்றினால், சிலிண்டரில் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் டக்கென்று நின்றால், மறுபடி மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது.

வெள்ளைப் புகை எல்லாம் கேஸ்கட் அல்ல

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஊட்டியிலோ மார்கழிக் காலையிலோ, குளிர்ந்த சைலன்சரில் அந்த நீராவி வெள்ளையாகத் தெரிவதும், குழாய் நுனியில் சொட்டுவதும் இயல்பு. அது வெளியே வந்ததும் காற்றில் கலைந்துவிடும். பத்து நிமிடம் ஓட்டினால் நின்றுவிடும், வாசனையும் இருக்காது. கூலன்ட் எரியும் புகை அடர்த்தியானது. காரின் பின்னால் சிறிது நேரம் தங்கி நிற்கும். நீலப் புகையென்றால் ஆயில், கறுப்பென்றால் எரிபொருள் மிகுதி.

தித்திப்பு வாசனைக்குக் காரணம் எத்திலீன் கிளைக்கால். பெரும்பாலான கூலன்டுகளின் அடிப்படைப் பொருள் இதுதான். ஆனால் நம் ஊர்களில் கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடும் கார்கள் ஏராளம். அவற்றில் கேஸ்கட் போனாலும் தித்திப்பு வாசனை வராது. ஆகவே வாசனை இருந்தால் அது நல்ல தடயம்; இல்லை என்பதை வைத்துக் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. வாசனையைச் சோதிக்க சைலன்சர் அருகே குனிவதும் தவறு. அந்தப் புகையில் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

அதே வாசனை காருக்குள் ஏ.சி. துவாரத்திலிருந்து வந்து, முன்சீட்டுக்குக் கீழே கால்மிதி ஈரமாகவும் இருந்தால், கசிவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர். வாட்டர் பம்ப் கசிந்தாலும் கூலன்ட் குறையும். ஓடும்போது மட்டும் சொட்டி, சூட்டில் உலர்ந்துவிடுவதால் தரையில் தடம் தெரியாது. பம்பைச் சுற்றி வெள்ளை அல்லது பச்சைப் படிவு மட்டும் காட்டிக்கொடுக்கும். பி.எஸ்.4, பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் இன்னொருவரும் உண்டு. புகையைத் திருப்பி உள்ளே விடும் அமைப்பில் இருக்கும் இ.ஜி.ஆர். கூலர் விரிசல் விட்டால், கூலன்ட் நேரே காற்றுப்பாதைக்குள் போகும். வெளித்தடம் இல்லாமல் கூலன்ட் குறைவது, வெள்ளைப் புகை, வாசனை எல்லாம் அப்படியே இருக்கும். ஹெட் கேஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதைப் பார்க்காமல் ஹெட்டைப் பிரித்தால் அவ்வளவு செலவும் வீண்.

ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் படியும் பசையைப் பார்த்து அவசரப்படுவதும் உண்டு. கிலோமீட்டர் கணக்கில் ஓடாமல் தெருவுக்குள்ளேயே சுற்றும் காரில், இன்ஜின் முழுதாகச் சூடேறாததால் மூடியில் ஈரம் படிந்து இப்படி ஆகும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால்தான் கவலை. அப்போது காரை ஓட்டவே கூடாது. கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளை வெகு சீக்கிரம் தின்றுவிடும். மாறாக, ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கட் நல்லது என்றும் சொல்ல முடியாது. சிலிண்டருக்கும் கூலன்டுக்கும் நடுவே மட்டும் விட்டிருந்தால் ஆயிலுக்குத் தொடர்பே இல்லை. நம் மூன்று சிலிண்டர் காரில் அப்படித்தான்: டிப் ஸ்டிக்கில் ஆயில் வழக்கமான நிறத்திலேயே இருந்தது.

பிரிக்காமலே கண்டுபிடிப்பது

முதல் சோதனைக்கு வேண்டியது நீல நிறத் திரவம் கொண்ட ஒரு கண்ணாடிக் குழாய். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலன்டைச் சில சென்டிமீட்டர் இறக்கிவிட்டு, வாயில் குழாயைப் பொருத்தி, இன்ஜினை ஓடவிட வேண்டும். ரப்பர் பல்பை அமுக்கி விட்டால், கூலன்டுக்கு மேலே உள்ள காற்று திரவத்தின் வழியே இழுக்கப்படும். அதில் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்டில் கரியமில வாயு வருவது பெரும்பாலும் எரியறையிலிருந்துதான். சிறு கசிவுகள் சுமையில் மட்டும் திறப்பதால், நிறம் மாறாவிட்டால் வண்டியை ஏற்றத்தில் ஓட்டிவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். நம் காரில் மூன்று நிமிடத்துக்குள் மஞ்சளாகிவிட்டது.

எந்த சிலிண்டர் என்பது அடுத்த கேள்வி. மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தால் இரண்டு வழக்கமான பழுப்பு நிறம், மூன்றாவது மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தம். உள்ளே போன கூலன்ட் நீராவியாகிக் கரியைச் சுரண்டிவிட்டது. கம்ப்ரஷன் பார்த்தபோது 180, 178, 140 பி.எஸ்.ஐ. வந்தது. மூன்றாவதுதான் குறைவு. கம்ப்ரஷன் மட்டுமே பார்த்து நிறுத்தக் கூடாது. ஓட்டை மெல்லியதாக இருந்தால் இந்த அளவு மூன்றிலும் ஒன்றுபோலவே வரும்.

மூன்றாவதாக, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றி, இன்ஜினை நிறுத்தியபடியே விட்டார்கள். இருபது நிமிடத்தில் முள் இறங்கியது, வெளியே எங்கும் ஈரமில்லை. பிறகு எரிபொருளையும் பொறியையும் துண்டித்துவிட்டு, பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றியபோது மூன்றாவது துளையிலிருந்து கூலன்ட் தெறித்தது. அந்த நேரம் யாரும் துளைக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது.

மூன்று சோதனைகளும் ஒரே இடத்தைக் காட்டியபோதுதான் ஹெட்டை இறக்குவதற்கு அர்த்தம் வந்தது. ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. ஹெட்டிலேயே விரிசல் இருந்தாலும் இதே பதில்கள் வந்திருக்கும். அதைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும்.

விளக்கு எரியும் நேரத்தில்

இந்தக் காரில் கேஸ்கட்டோடு போனதற்குக் காரணம், விளக்கு எரிந்ததும் ஓட்டுநர் ஓரமாக நிறுத்தியதுதான். இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ஹெட் விரிசல் விட்டிருக்கலாம், பிஸ்டன் சிலிண்டரைச் சுரண்டியிருக்கலாம்.

விளக்கு சிவப்பானால் ஏ.சி.யை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, இன்ஜினை அணைக்க வேண்டும். பெட்ரோல் பங்க் இரண்டு கிலோமீட்டரில் வந்துவிடும் என்று ஓட்டக் கூடாது. பழைய பல கார்களில் முள் உண்டு, இப்போதைய பல சிறிய கார்களில் விளக்கு மட்டும்தான். முள் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெப்பநிலை சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் காலியாகி வெறும் ஆவியில் நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். ஏறிய முள் தானாக இறங்கியதும் நிம்மதியாக ஓட்டியவர்கள் இன்ஜினை இழந்திருக்கிறார்கள்.

ரேடியேட்டர் மூடி குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. பாதி கூலன்ட், பாதி தண்ணீர் கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரியில் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில் அது கொதிக்க 125 டிகிரிக்கு மேல் போக வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று போய், முழுக் கலவையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்திலும் கையிலும் பாயும். முக்கால் மணி நேரமாவது ஆற விட வேண்டும். ஆறாத இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டே வெடிப்பு விடலாம்.

வழிந்த கூலன்டை அப்படியே விட்டுப்போகாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். எத்திலீன் கிளைக்கால் விஷம். தித்திப்பாக இருப்பதால் நாய் நக்கும்; பூனையும் நக்கக்கூடும். மீதமுள்ளதைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை ஒரு வாய் குடித்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஹெட்டைக் கழற்றிய பின்

நம் காரில் ஹெட்டைத் தூக்கியதும், மூன்றாவது சிலிண்டர் ஓட்டைக்கும் பக்கத்துக் கூலன்ட் ஓட்டைக்கும் நடுவே கேஸ்கட்டில் கறுப்புத் தடம் தெரிந்தது. வாயு போய்வந்த வழி அது. மூன்றாவது பிஸ்டனின் தலை பளிச்சென்றிருந்தது.

பழைய கேஸ்கட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து மூடினால் வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். வேலையின் முக்கியப் பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஹெட்டின் அடிப்பரப்பில் நேரான எஃகுச் சட்டத்தை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய இன்ஜின்களில் வழக்கமான வரம்பு 0.05 மி.மீ.; ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதன் கையேட்டில் சொன்னதே சரி. இந்த ஹெட்டில் 0.09 மி.மீ. தகடு நுழைந்தது. அப்படியே மாட்டியிருந்தால் புதுக் கேஸ்கட் சில மாதங்களில் மீண்டும் போயிருக்கும்.

ஹெட் லேத் பட்டறைக்குப் போனது. அங்கே முதலில் கூலன்ட் பாதைகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து விரிசல் சோதித்தார்கள். விரிசல் இல்லாததால் அடிப்பரப்பைச் சீவி நேராக்கினார்கள். எவ்வளவு சீவலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டிச் சீவினால் எரியறை சுருங்கி, இன்ஜின் தட்டும், சிலவற்றில் வால்வு பிஸ்டனில் இடிக்கும். பிளாக்கின் மேல்பரப்பையும் அதே சட்டத்தால் பார்த்தாக வேண்டும்.

மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை மாறாமல், பல கட்டங்களாக டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். பல இன்ஜின்களில் கடைசிக் கட்டம் இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கோணத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த வகைப் போல்ட்டுகள் இறுகும்போதே சற்று நீளுபவை. கையேடு புதிது போடச் சொன்னால் பழையதைத் திருப்பிப் போடக் கூடாது. ஆயிலும் ஃபில்டரும் மாறியாக வேண்டும்.

ஹெட்டைத் தொடாமல், ரேடியேட்டரில் ஒரு மருந்து ஊற்றிக் கசிவை அடைக்கலாம் என்ற விளம்பரங்கள் வருகின்றன. இவற்றில் பல சோடியம் சிலிகேட் கொண்டவை. சூடான இடத்தில் இறுகி ஓட்டையை அடைக்கும். அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் படியும். விற்றுவிடப் போகும் பழைய வண்டியை வீடுவரை ஓட்டிச் செல்ல உதவலாம்; வைத்து ஓட்டப்போகும் காருக்கு அது அடுத்த பழுதின் தொடக்கம்.

கேஸ்கட்டைக் கொன்றது யார்?

சில நேரம் வடிவமைப்பே குற்றவாளி. 1988இல் பிரிட்டனில் வந்த ரோவர் கே-சீரீஸ் இன்ஜின் எடை குறைந்தது, கூலன்ட் அளவும் சிறியது. ஹெட்டையும் பிளாக்கையும் அடிப்பகுதிவரை நீண்ட போல்ட்டுகள் ஒன்றாகப் பிடித்திருந்தன. பின்னர் வந்த அதன் 1.8 லிட்டர் வடிவம், குறிப்பாக லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில், ஹெட் கேஸ்கட் போவதற்கே பெயர் வாங்கியது. கூலன்ட் குறைவாக இருந்ததால் சிறு கசிவுகூட விரைவில் இன்ஜினைச் சூடாக்கியது. ஹெட்டை நிலைப்படுத்தும் பிளாஸ்டிக் ஊசிகளுக்குப் பதில் எஃகு ஊசிகளும், பல அடுக்கு எஃகு கேஸ்கட்டும் பிற்பாடு வந்தன.

நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் காரணம் வெளியே இருக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை, தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டது, வாட்டர் பம்ப் தேய்ந்தது, ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. நம் காரில் குற்றவாளி கடைசி ஆள். அதில் ஊற்றிவந்தது போர்வெல் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் சூட்டில் பிரிந்து, வீட்டுக் கீசரில் படிவது இங்கும் படியும். இன்ஜின் சூடாக ஓடும்போது ரேடியேட்டரின் ஒரு பகுதி மட்டும் ஆறியே இருந்தது. அந்தக் குழாய்களில் கூலன்ட் ஓடவே இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி மாற்றினார்கள். கூலன்டோடு கலக்க டிஸ்டில்டு வாட்டர் போதும். பேட்டரிக் கடைகளில் கிடைக்கும். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தீர்வல்ல. இன்ஜின் சரியான வெப்பநிலைக்கு வராமல் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்; உண்மையான பழுதும் மறைந்தபடியே இருக்கும்.

ஆகவே ஹெட்டை இறக்கலாம் என்று மெக்கானிக் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீலத் திரவச் சோதனையோ அழுத்தச் சோதனையோ பார்த்தீர்களா? ஹெட்டின் வளைவு எத்தனை மில்லிமீட்டர், விரிசல் சோதித்தாயிற்றா? வண்டி எதனால் சூடானது? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் ஹெட்டைத் தொட விடாதீர்கள். இரண்டாவதற்கு இல்லையென்றால் திருப்பி மாட்ட விடாதீர்கள். மூன்றாவதற்குப் பதில் கிடைக்காதவரை, புதுக் கேஸ்கட் போட்ட பிறகும் அந்தக் காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.